எட்டு எக்ஸ்பைரி தொடர்ந்து லாபம். லாட் கூட்டலாமா?

கரூர்ப் பையன் | 11 ஜூலை 2025, இரவு 9:40

நிஃப்டி வீக்லி. புதன் மதியம் மூன்று மணிக்கு, இருக்கிற விலையிலிருந்து மேலே 350 புள்ளி தள்ளி ஒரு கால் ஆப்ஷன், கீழே 350 தள்ளி ஒரு புட் ஆப்ஷன், இரண்டையும் விற்றுவிடுவேன். வியாழன் மாலை இரண்டும் பூஜ்யமாகும், பிரீமியம் எனக்கு. மே 22ல் ஆரம்பித்தேன். நேற்றோடு எட்டு எக்ஸ்பைரி, எட்டும் லாபம். இப்போது இரண்டு லாட்தான் போடுகிறேன். ஆறு லாட்டுக்கு மார்ஜின் இருக்கிறது.

எஃப் அண்ட் ஓவில் 100க்கு 93 பேர் நஷ்டம் என்று போன வருடம் செபி சொன்னதே, மீதி 7 பேரில் நான் வந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு உறுத்தல். எட்டு ஜெயித்தாச்சு, ஒன்பதாவது அடி விழ வேண்டிய முறையோ? அதனால் அடுத்த வாரம் மட்டும் சும்மா இருந்துவிட்டு, அதற்கடுத்த வாரம் ஆறு லாட்டாகப் போகலாம் என்று யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்விங் செல்வம் | 11 ஜூலை, இரவு 10:02

ஸ்டாப் லாஸ் போட்டால் ஆறு என்ன, பத்து லாட்கூடப் போகலாம் ப்ரோ. ஓடுகிற குதிரையை ஏன் கட்டிப்போடுகிறீர்கள்?

நோட்டுக்காரன் | 12 ஜூலை, காலை 6:15

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. போன வருடம் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் 400 புள்ளி தள்ளி விற்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். 2024 ஏப்ரல் 4 எக்ஸ்பைரியில் தொடங்கி மே 30 வரை ஒன்பது வாரம், ஒன்பதும் லாபம். மொத்தம் 34,000 சொச்சம் வந்தது. பத்தாவது வாரம் ஆறு லட்சம் போனது.

விவரமாகச் சாயங்காலம் எழுதுகிறேன். பல் டாக்டரிடம் போக வேண்டும்.

சேலம் டீச்சரம்மா | 12 ஜூலை, காலை 8:30

எனக்கும் இதே சந்தேகம். என் எஸ்ஐபி எட்டு மாதமாகப் பச்சையில் இருக்கிறது. நிறுத்திவிட்டுப் பணத்தை எடுத்துவிடலாமா?

ஸ்விங் செல்வம் | 12 ஜூலை, காலை 8:41

மேடம், இது வேற.

நோட்டுக்காரன் | 12 ஜூலை, இரவு 8:50

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். காலையில் 34,000 என்று எழுதினேன். நோட்டில் 23,600 என்றுதான் இருக்கிறது. பதினான்கு மாதத்தில் என் மண்டை பத்தாயிரம் ரூபாயைத் தானாகச் சேர்த்திருக்கிறது. போன ஆறு லட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அது மட்டும் அப்படியே மனப்பாடமாக இருக்கிறது.

2024 ஜூன் 1 சனிக்கிழமை மாலை எக்ஸிட் போல். திங்கள் ஜூன் 3 அன்று நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,263.90ல் முடிந்தது. நான் வழக்கமாக எக்ஸ்பைரிக்கு முந்தின நாள் மதியம்தான் விற்பவன். அன்று திங்கட்கிழமையே திரையைத் திறந்தேன். வியாழன் எக்ஸ்பைரியின் 22,500 புட் 80 ரூபாய், 24,000 கால் 60 ரூபாய். நான் வாரா வாரம் ஐந்துக்கும் பத்துக்கும் விற்றுக்கொண்டிருந்தவன். இரண்டும் சேர்ந்து 140! 600 குவான்டிட்டி விற்றால் 84,000. ஒன்பது வாரச் சம்பாத்தியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், ஒரே கிளிக்கில்.

அப்போது எனக்குள் என்ன ஓடியது என்பதை அன்று இரவே நோட்டில் எழுதியிருக்கிறேன். மூன்று வரி, அப்படியே தருகிறேன்.

"வழக்கமா 400 தள்ளி. இன்னிக்கு 750 தள்ளி. டபுள் சேஃப்."

"ஒம்பது வாரமா 400 தாண்டல. 750 எங்க தாண்டப்போகுது."

"ஒரே நாள்ல 733 ஏறிடுச்சு. நாளைக்கு ரிசல்ட் வந்தாலும் பெருசா ஒண்ணும் இருக்காது. ஆட்டம் இன்னிக்கே முடிஞ்சிடுச்சு."

முதல் வரி தலைக்கனம். இரண்டாவது, நேற்று பெய்யவில்லை என்பதால் குடையை விட்டுப் போகிற புத்தி. மூன்றாவதை அப்போது அனுபவம் என்று நினைத்திருந்தேன். பெரிய நாளுக்குப் பிறகு சின்ன நாள்தான் முறை என்று மார்க்கெட்டுக்கு நானே ஒரு முறைவாசல் போட்டுவைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஓட்டு எண்ணிக்கை. 23,179ல் திறந்து விழ ஆரம்பித்தது. 22,300 வந்தபோது என் புட் 400ஐத் தாண்டிவிட்டது. அப்போதே வெளியே வந்திருந்தால் இரண்டு லட்சத்தோடு போயிருக்கும். நான் வரவில்லை. அதற்கு மேல் இன்னொரு காரியமும் செய்தேன். "ஆயிரம் புள்ளி விழுந்தாச்சு, இதுக்கு மேல எங்க விழும்" என்று 22,000 புட்டில் இன்னும் 200 குவான்டிட்டி, 350 ரூபாய்க்கு விற்றேன். கணக்கில் இருந்த மார்ஜின் அதோடு விளிம்புக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் ஷார்ட்ஃபால் மெசேஜ். புரோக்கர் கட் பண்ணுவதற்குள் நானே கட் பண்ணினேன். 22,500 புட்டைச் சராசரி 1,020க்குத் திரும்ப வாங்கினேன், 22,000 புட்டை 700க்கு. கால் ஆப்ஷனில் கிடைத்த 30,000 போக நிகரமாக 6,04,000.

அன்று நிஃப்டி 21,281 வரை போய்விட்டு 21,884.50ல் முடிந்தது.

கட் பண்ணிவிட்டு மாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். மோட்டாரே போடவில்லை.

ஸ்விங் செல்வம் | 12 ஜூலை, இரவு 9:20

அண்ணா, கோபிக்காதீர்கள். உங்கள் வியூ தப்பே இல்லை. வியாழன் ஜூன் 6 நிஃப்டி 22,821ல் முடிந்தது. நீங்கள் விற்ற 22,500 புட்டும் பூஜ்யம், 22,000 புட்டும் பூஜ்யம், காலும் பூஜ்யம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 84,000, அதோடு ஒரு 70,000, முழுசாக வந்திருக்கும். பத்துக்குப் பத்து! நடுவில் பயந்ததுதான் தப்பு.

நோட்டுக்காரன் | 12 ஜூலை, இரவு 9:34

இதை எனக்கு நானே ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், செல்வம். நீங்கள் சொல்லும் விலைகள் எல்லாம் சரி. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யார் விட்டார்கள்? மார்ஜின் போதாதபோது முடிவெடுப்பது நான் இல்லை. 200 குவான்டிட்டியோடு இருந்திருந்தால் உட்கார்ந்திருக்கலாம். 600, அப்புறம் 800 ஆன பிறகு வியாழன் வரை உயிரோடு இருப்பது என் கையில் இல்லை. ஒன்பது வாரம் ஜெயித்ததால்தான் அளவு 600க்கு வந்தது. அந்த அளவுதான் என்னை அன்று மதியம் வெளியே தள்ளியது.

ஸ்விங் செல்வம் | 12 ஜூலை, இரவு 9:40

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வியூ சரி.

புள்ளியியல் அக்கா | 13 ஜூலை, காலை 7:05

கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். டிரேடிங் தெரியாது, வீட்டில் மகன் செய்கிறான். கரூர்த் தம்பிக்கு ஒரு கணக்கு மட்டும்.

உங்கள் முறைக்கு வாரத்துக்கு 90 சதவீதம் வெற்றி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரம் தொடர்ந்து ஜெயிக்க 43 சதவீத வாய்ப்பு. அதாவது உங்களைப் போல நூறு பேர் இதே வேலையைச் செய்தால் 43 பேர் இன்று இதே பதிவை எழுதுவார்கள். 97 சதவீதம் என்று வைத்தால் 78 பேர் எழுதுவார்கள். எட்டு வெற்றியை மட்டும் வைத்து நீங்கள் 90ஆ 97ஆ என்று என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் உங்கள் பணத்துக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம். 90 என்றால் பத்து வாரத்துக்கு ஒரு அடி. 97 என்றால் முப்பத்து மூன்று வாரத்துக்கு ஒன்று.

ஒன்பதாவது வாரத்தை விட்டுவிடுவதைப் பற்றி. அந்த வாரத்துக்கு உங்கள் எட்டு வாரம் தெரியாது. நீங்கள் வீட்டில் சும்மா இருப்பதால் கண் திருஷ்டி கழிந்து பத்தாவது வாரம் சுத்தமாகிவிடாது. சும்மா இருந்துவிட்டு மூன்று மடங்காகப் போனால், அதே ஆபத்தில் மூன்று மடங்காக நிற்கிறீர்கள்.

இன்னொன்று, கேள்வியாகவே வைக்கிறேன். மே 22ல் ஏன் தொடங்கினீர்கள்? மே 15 எக்ஸ்பைரி என்ன ஆயிற்று?

கரூர்ப் பையன் | 13 ஜூலை, காலை 10:12

மேடம், அந்த இரண்டு வாரம் பார்டர் டென்ஷன். மார்க்கெட் நார்மலாக இல்லை என்று விட்டுவிட்டேன். நார்மல் ஆன பிறகு ஆரம்பித்தேன்.

புள்ளியியல் அக்கா | 13 ஜூலை, காலை 10:40

மகனிடம் பார்க்கச் சொன்னேன். மே 15 அன்று 395 புள்ளி ஏறியிருக்கிறது. உங்கள் 350ஐத் தாண்டி. நீங்கள் பணம் போடவில்லை, அதனால் நஷ்டமில்லை, நல்லது. ஆனால் "இந்த முறை தோற்றதே இல்லை" என்று சொல்லும்போது அந்த வாரத்தையும் சேர்க்க வேண்டும். முறையை எடைபோடும்போது உங்கள் எட்டு வாரத்தின் வாசற்படிக்கு வெளியிலேயே ஒரு தோல்வி உட்கார்ந்திருக்கிறது.

"நார்மலான பிறகு" என்பதையும் யோசியுங்கள். மார்க்கெட் அமைதியான பிறகு தொடங்கி, அமைதியான வாரங்களை மட்டும் எண்ணி, அமைதியில் பணம் பண்ணும் முறை ஜெயிக்கிறது என்கிறீர்கள். ஜெயிக்காமல் என்ன செய்யும்?

மஞ்சள் மண்டி | 13 ஜூலை, மதியம் 2:20

ஈரோடு. ஆப்ஷன் எல்லாம் நமக்கு ஆகாது. ஆனால் "ஏறினால் இறங்கும் முறை" என்பதே தப்பு என்று மேடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2010ல் மஞ்சள் குவிண்டால் 16, 17 ஆயிரம் பார்த்தது. இன்னும் ஏறும் என்று எங்கப்பா மூட்டைகளைக் குடோனில் அடுக்கி வைத்தார். எங்கள் பெரியப்பா மட்டும் "இந்த ஏத்தத்துக்கு ஒரு இறக்கம் உண்டுடா" என்று விற்றுவிட்டார். 2012ல் விலை நாலாயிரத்தைச் சுற்றிக் கிடந்தது. பெரியப்பா சொன்னதும் நீங்கள் கிண்டல் செய்யும் அதே "முறை"தானே? அவர் ஜெயித்தாரே?

புள்ளியியல் அக்கா | 13 ஜூலை, மாலை 4:55

நல்ல கேள்வி. உங்கள் பெரியப்பா சொன்னது வேறு வகை. மஞ்சள் விலை ஏறினால் கரும்பு போட்டவரும் மஞ்சள் போடுவார், அடுத்த வருடம் மண்டிக்கு மூட்டை குவியும். இறக்கத்துக்கு ஒரு காரணம் வயலிலேயே முளைத்துக்கொண்டிருக்கிறது. மஞ்சளுக்கு ஞாபகம் உண்டு. சுண்டிய காசுக்கு ஞாபகம் கிடையாது. "திரும்பும்" என்று தோன்றும்போதெல்லாம் எது திருப்பும் என்று கேளுங்கள். பதிலில் ஒரு பொருளோ ஆளோ வந்தால் அது கணிப்பு. "இவ்வளவு ஆயிடுச்சே" என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் அது சூதாடி கணக்கு.

நிஃப்டிக்கு எவ்வளவு ஞாபகம் என்று என்னைக் கேட்காதீர்கள். அதில் படித்தவர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சள் மண்டி | 13 ஜூலை, மாலை 5:30

பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் இருந்தது, அதனால் விற்றார் என்று அம்மா சொல்கிறார்கள். எப்படியோ.

நோட்டுக்காரன் | 14 ஜூலை, இரவு 11:15

ராத்திரி மறுபடி நோட்டைப் புரட்டினேன். வெற்றி வந்ததால் படிப்படியாகக் கூட்டினேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான் எழுதினேன். அது தப்பு.

முதல் ஆறு வாரம் 200லேயே இருந்திருக்கிறேன். கூட்டியது இரண்டே தடவை. மே 9 எக்ஸ்பைரி முடிந்ததும் 400. மே 23 எக்ஸ்பைரி முடிந்ததும் 600.

அந்த இரண்டு நாளும் என்ன நடந்தது? மே 9 அன்று நிஃப்டி 345 புள்ளி விழுந்து 21,957.50ல் முடிந்தது. நான் விற்றிருந்தது 21,900 புட். 57 புள்ளியில் தப்பித்திருக்கிறேன். மே 23 அன்று 370 புள்ளி ஏறி 22,967.65. நான் விற்றிருந்தது 23,000 கால். 32 புள்ளி. மறுநாள் காலையில்தான் நிஃப்டி முதன்முதலாக 23,000ஐத் தாண்டியது. ஒரு ராத்திரி.

ஒன்பது வாரத்தில் மற்ற ஏழும் அலுங்காமல் குலுங்காமல் போனவை. அந்த ஏழில் எதற்குப் பிறகும் நான் அளவைக் கூட்டவில்லை. முடி இழையில் தப்பித்த இரண்டுக்குப் பிறகுதான் கூட்டியிருக்கிறேன்! மே 23 பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதியிருப்பது: "பயப்படாம உக்காந்தேன். நரம்பு ஸ்ட்ராங்."

லாப நஷ்டக் கணக்கில் அந்த இரண்டும் மற்ற ஏழைப் போலவே பச்சை. எவ்வளவு தூரத்தில் தப்பித்தோம் என்று எழுத என் நோட்டில் ஒரு கட்டமே இல்லை. இருந்திருந்தால் அது வெற்றியா எச்சரிக்கையா என்றாவது யோசித்திருப்பேன். தப்பித்தது அதிர்ஷ்டம் என்று தெரிந்த மனுஷன் வேர்த்துப்போய் அளவைக் குறைத்திருப்பான். எனக்கு அது என் துணிச்சலுக்குக் கிடைத்த பரிசாகத் தெரிந்தது.

கரூர்த் தம்பி, உங்களுடைய எட்டையும் எடுத்து, ஸ்ட்ரைக்கிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி முடிந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஜூன் 26ஐ மறக்காமல்.

கரூர்ப் பையன் | 15 ஜூலை, காலை 9:05

எழுதினேன் அண்ணா. ஜூன் 26 அன்று 304 புள்ளி ஏறியது. 46ல் தப்பித்திருக்கிறேன். ஜூன் 12ல் 97. மற்றதெல்லாம் 140க்கு மேல்.

ஜூன் 26 இரவுதான் முதன்முதலில் ஆறு லாட் யோசனை வந்தது. பொய் சொல்லவில்லை, அன்று வீட்டில் பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன்.

ஸ்விங் செல்வம் | 15 ஜூலை, காலை 9:30

எந்தக் கடை பிரியாணி?

நோட்டுக்காரன் | 15 ஜூலை, மதியம் 1:10

இன்னொன்று விட்டுப்போயிற்று. ஏப்ரலில் எனக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஐந்து ரூபாய் கிடைக்கும். மே கடைசி எக்ஸ்பைரியில் அதே 400 தள்ளி, அதே கடைசி நாளில், பதினைந்து. விக்ஸ் ஏப்ரல் நாலாவது வாரத்தில் 10ஐ ஒட்டி இருந்தது, மே முடிவில் 24ஐத் தாண்டிவிட்டது. மார்க்கெட் காட்டுக்கத்தல் கத்தி, இந்த ரிஸ்குக்கு இப்போது மூன்று மடங்கு கூலி என்கிறது. என் காதில் விழுந்தது "மூன்று மடங்கு கூலி" மட்டும். சம்பள உயர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 3 அன்று 140 கொடுத்தவன் முட்டாள் இல்லை. மறுநாள் ஆயிரம் புள்ளி இரண்டு பக்கமும் போகலாம் என்று தெரிந்தவன் கொடுத்த விலை அது. 750 தள்ளி நிற்பதால் டபுள் சேஃப் என்று நான் எழுதினேனே, தூரத்தைப் புள்ளியில் அளந்ததுதான் கோளாறு. தூங்குகிற நாயிடமிருந்து நாலடி தள்ளி நிற்பதும், அவிழ்த்துவிட்ட நாயிடமிருந்து எட்டடி தள்ளி நிற்பதும் ஒன்றா?

புள்ளியியல் அக்கா | 16 ஜூலை, காலை 6:50

நோட்டுக்காரரின் மூன்று வரிகளை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது வரியில் ஒன்பது வாரம் நடந்ததே பத்தாவதிலும் நடக்கும் என்கிறார். மூன்றாவதில், இன்று பெரிய ஆட்டம் ஆடியதால் நாளை ஆடாது என்கிறார். ஒன்றில் தொடரும், மற்றொன்றில் திரும்பும். ஒரே இரவில், ஒரே பேனாவில். இரண்டும் முட்டிக்கொள்வது கண்ணில் படவில்லை.

2004ல் எய்டன், ஃபிஷர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ரூலெட் மாதிரி ஒரு விளையாட்டு வைத்துப் பார்த்தார்கள். அடுத்து எந்த நிறம் என்று ஆட்கள் ஊகிக்க வேண்டும். தங்கள் ஊகம் சரியாக இருக்கும் என்று எவ்வளவு நம்புகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் இனி மற்ற நிறம் என்று ஊகித்தார்கள். தங்கள் ஊகம் தொடர்ந்து சரியாக இருந்தால் இனியும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். சக்கரத்துக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம்.

கரூர்த் தம்பியின் முதல் பதிவில் மட்டும் இது கொஞ்சம் கலங்கியிருக்கிறது. "7 பேரில் நான்" என்பது திறமை தொடரும் என்ற பக்கம். "ஒன்பதாவது அடி" என்பது தன் வெற்றியையே சக்கரமாகப் பார்க்கிற பக்கம். பாதி சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நோட்டுக்காரன் | 16 ஜூலை, இரவு 10:30

அக்கா சொன்னது எனக்கு முழுசாகப் பொருந்தவில்லை. ஜெயிக்கும்போது சரி. தோற்ற பிறகு நான் என்னையும் சக்கரமாகத்தான் பார்த்தேன். ஜூன் 4க்குப் பிறகு இரண்டு மாதம் ஆப்ஷன் விற்கவே இல்லை, வாங்கினேன். வரிசையாக ஐந்து தடவை போனது. ஆறாவது நிச்சயம் நம்முடையது என்று இரண்டு மடங்காக வாங்கினேன், ஐந்து தோற்றாச்சே என்ற ஒரே காரணத்துக்காக. அதுவும் போனது. மொத்தம் 70,000 சொச்சம்.

ஜெயித்தால் அது என் திறமை, அதனால் தொடரும். தோற்றால் அது கெட்ட நேரம், அதனால் திரும்பும். எந்தப் பக்கம் போனாலும் முடிவு "அளவைக் கூட்டு" என்றே வருகிறது.

புள்ளியியல் அக்கா | 17 ஜூலை, காலை 6:40

ஆமாம். அது நான் சொன்னதைவிடச் சரி.

கரூர்ப் பையன் | 17 ஜூலை, மாலை 4:10

சும்மா இருக்கவில்லை, அதே இரண்டு லாட் போட்டேன். இன்று 100 புள்ளி இறக்கம், லாபம். ஒன்பது. ஆறு லாட் போட்டிருந்தால் எவ்வளவு என்று கணக்குப் போடக்கூடாது என்று நினைத்தேன், போட்டுவிட்டேன்.

அண்ணா, ஒரு நேர்க் கேள்வி. அப்படியானால் எப்போதுதான் லாட் கூட்டுவது? எப்போதுமே கூட்டக்கூடாதா?

நோட்டுக்காரன் | 17 ஜூலை, இரவு 9:00

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சரியா என்று அக்கா பார்க்கட்டும். அளவை வெற்றி எண்ணிக்கையிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டேன். எதிர்பார்க்கவே முடியாத ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். என் விஷயத்தில் அது ஜூன் 4. அந்த நாள் திரும்ப வந்தால் இந்த அளவில் எவ்வளவு போகும், மார்ஜின் தாங்குமா என்று போட்டுப் பார்க்கிறேன். கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும் என்றால் அளவு அதிகம். உங்கள் இரண்டு லாட் 150 குவான்டிட்டி. ஆயிரம் புள்ளி உங்களுக்கு எதிராகப் போனால், நீங்கள் 350 தள்ளி நிற்பதால் சுமார் 650 புள்ளி அடி. ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆறு லாட் என்றால் மூன்று லட்சம். இதில் எட்டு ஜெயித்தீர்களா எண்பது ஜெயித்தீர்களா என்பது எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

கணக்கு வளர்ந்தால் அளவும் வளரும். ஆனால் ஒரு பெரிய நாளுக்கு அடுத்த இரண்டு வாரம் மாற்ற மாட்டேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அந்த இரண்டு வாரம் என் கை எனக்குச் சொந்தமில்லை.

ஸ்விங் செல்வம் | 17 ஜூலை, இரவு 9:25

நான் சொன்ன ஸ்டாப் லாஸ்?

நோட்டுக்காரன் | 17 ஜூலை, இரவு 9:31

போடுங்கள். ஜூன் 4 அன்று எனக்கும் மனசுக்குள் ஒன்று இருந்தது, 240ல் வெளியே என்று. 240 வந்தபோது, ஒன்பது வாரமாக ஜெயிப்பவனுக்கு எதற்கு ஸ்டாப் என்று நகர்த்திவிட்டேன். சிஸ்டத்தில் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிந்திருக்கலாம், அந்த வேகத்தில் அந்த விலை கிடைத்திருந்தால். அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரிதான்.

சேலம் டீச்சரம்மா | 18 ஜூலை, காலை 8:15

எஸ்ஐபிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

புள்ளியியல் அக்கா | 18 ஜூலை, காலை 8:40

தொடருங்கள் அம்மா. எட்டு மாதப் பச்சையும் ஒரு காரணமில்லை, எட்டு மாதச் சிவப்பு வந்தாலும் ஒரு காரணமில்லை. பணம் எப்போது தேவை என்பதைப் பாருங்கள்.

கரூர்ப் பையன் | 1 ஆகஸ்ட், இரவு 8:20

அப்டேட். ஜூலை 24ம் லாபம், நேற்று 31ம் லாபம். பதினொன்று. நகர்வு 158, 87. இப்போது நாலு லாட் போடுகிறேன். ஆறு இல்லை, அதைக் கவனியுங்கள். அண்ணா சொன்ன கட்டத்தையும் நோட்டில் போட்டுவிட்டேன், எவ்வளவு தூரத்தில் தப்பித்தது என்று.

நோட்டுக்காரன் | 1 ஆகஸ்ட், இரவு 8:45

நாலு லாட்டுக்கு எந்த எக்ஸ்பைரி முடிந்ததும் மாறினீர்கள்?

கரூர்ப் பையன் | 1 ஆகஸ்ட், இரவு 9:10

24. கடைசி மூன்றில் அதுதான் கிட்ட வந்தது. இப்போதுதான் கட்டத்தைப் பார்க்கிறேன்.